புலமைப்பரிசில் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியவை

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து கொஞ்ச நாளில், தனியார் பட்டப்படிப்பு நிறுவனங்களிலிருந்து "உங்களுக்கு 75 சதவீதப் புலமைப்பரிசில் வழங்கப்பட்டுள்ளது" என்று கடிதம் வரத் தொடங்கும். என் தங்கச்சியின் மகனுக்கும் அப்படி ஒன்று வந்தது. கடிதம் இரண்டு பக்கம். அதோடு வந்த உடன்படிக்கை அதைவிடப் பல மடங்கு நீளம், முழுவதும் ஆங்கிலம். கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுப்பார், வேறொரு பதில் சொல்வார். திருகோணமலையில் இருந்துகொண்டு அதை வரிவரியாக விளங்கிக்கொள்ள நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரச பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கிடைக்கும் மகாபொல பற்றியது அல்ல இது. பிணைக்காரரின் கையெழுத்தோடு வரும் தனியார் நிறுவனப் புலமைப்பரிசில் பற்றி மட்டுமே பேசுகிறேன். கணக்குகள் விளங்குவதற்காக ஓர் உதாரணத்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன்: நான்கு வருடப் படிப்பு, எட்டு செமஸ்டர், ஒரு செமஸ்டருக்குக் கட்டணம் 180,000 ரூபா, புலமைப்பரிசில் 75 சதவீதம்.

1. கடிதம் மட்டும் போதாது, மூன்று தாள்களையும் கேட்டு வாங்குங்கள்

வாழ்த்துச் சொல்லி வருவது வழங்கல் கடிதம். உங்களைச் சட்டப்படி கட்டிப்போடுவது உடன்படிக்கை. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலும் அவர்களாக அனுப்பமாட்டார்கள்: மாணவர் கைநூல். கடிதத்தில் "கைநூலில் உள்ள கல்வி விதிகளுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி போட்டிருந்தால், அந்தக் கைநூல் முழுவதற்கும் நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். பிள்ளை சேரும் வருடத்துக்குரிய கைநூலைக் கேளுங்கள், பழையது வேண்டாம்.

மூன்றும் கையில் வந்ததும் உடன்படிக்கையின் கடைசிப் பக்கங்களில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, கடிதமும் உடன்படிக்கையும் முரண்பட்டால் எது செல்லும் என்பது. அநேகமாக உடன்படிக்கைதான் செல்லும் என்று இருக்கும். மற்றது, "இந்த உடன்படிக்கையில் உள்ளது மட்டுமே இரு தரப்பின் முழு இணக்கம்" என்ற வரி. இது இருந்தால், சேர்ப்புப் பிரிவில் இருப்பவர் தொலைபேசியில் "அதெல்லாம் பிரச்சினையில்லை, பாத்துக்கொள்ளலாம்" என்று சொன்னதற்கு ஒரு பெறுமதியும் கிடையாது.

2. சதவீதத்தை ரூபாவாக மாற்றுங்கள்

75 சதவீதம் எதன் மீது என்று பாருங்கள். அநேகமாகக் கற்பித்தல் கட்டணத்தின் மீது மட்டும்தான் இருக்கும். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் அங்கே பவுணிலோ டொலரிலோ கட்ட வேண்டியது, இவையெல்லாம் வெளியே நிற்கும். நம் உதாரணத்தில் செமஸ்டருக்கு 135,000 ரூபா கழிகிறது, 45,000 ரூபா நாம் கட்டுகிறோம். எட்டு செமஸ்டருக்கும் சேர்த்துப் புலமைப்பரிசிலின் மொத்தப் பெறுமதி 1,080,000 ரூபா. இந்தக் கடைசி எண்ணை ஒரு மூலையில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

3. ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் "மீறினால்?" என்று எழுதுங்கள்

கடிதம் வாசிக்கும் எல்லாரும் நிபந்தனைகளைத்தான் எண்ணுவார்கள். நான் சொல்வது, மீறினால் வரும் விளைவை எண்ணுங்கள். விளைவுகள் மூன்றே வகைதான்.

முதலாவது இடைநிறுத்தம்: ஒரு செமஸ்டருக்குக் கழிவு இல்லை, புள்ளி கூடினால் திரும்ப வரும். இரண்டாவது நிறுத்தம்: இனிமேல் கழிவு கிடையாது, ஆனால் இதுவரை கிடைத்தது கிடைத்ததுதான். மூன்றாவது மீள அறவிடல்: இதுவரை தந்ததையும் திருப்பிக் கேட்பார்கள். முதல் இரண்டும் முன்னோக்கிப் போகிறவை, மூன்றாவது பின்னோக்கி வருகிறது. குடும்பத்தைக் கடனில் தள்ளுவது இந்த மூன்றாவது மட்டும்தான்.

ஒரு கொப்பியில் கோடு போட்டு, இடப்பக்கம் நிபந்தனை, நடுவில் அது எத்தனையாம் பிரிவு, வலப்பக்கம் மூன்றில் எது என்று எழுதுங்கள். சில நிபந்தனைகளுக்கு விளைவு எழுதப்பட்டிருக்காது. "நிறுவனம் தகுந்த நடவடிக்கை எடுக்கும்" என்று பொதுவாக விட்டிருப்பார்கள். வலப்பக்கத்தில் அங்கே கேள்விக்குறி போடுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்ப வேண்டிய கேள்விகளின் பட்டியல் அப்படியே வந்துவிடும்.

4. ஜிபிஏ: எந்த ஜிபிஏ, எப்போது பார்ப்பார்கள்?

"ஜிபிஏ 3.0 பேண வேண்டும்" என்று கடிதம் சொல்லும். ஜிபிஏ என்பது பாடப் பெறுபேறுகளுக்குரிய புள்ளிகளின் சராசரி. ஒவ்வொரு செமஸ்டரும் தனித்தனியாக 3.0 வேண்டுமா, அல்லது இதுவரை படித்த எல்லாவற்றுக்கும் சேர்த்து 3.0 போதுமா என்பது வேறு கதை.

ஒரு கணக்குப் பார்ப்போம். முதல் செமஸ்டரில் ஐந்து பாடம், எல்லாம் ஒரே அளவு கிரெடிட், அதாவது சராசரியில் எல்லாவற்றுக்கும் ஒரே எடை. பெறுபேறு ஏ (4.0), பி பிளஸ் (3.3), பி (3.0), சி பிளஸ் (2.3), சி (2.0). கூட்டினால் 14.6, ஐந்தால் பிரித்தால் 2.92. இரண்டாம் செமஸ்டரில் பிள்ளை இடத்துக்குப் பழகிவிட்டது: ஏ மைனஸ் (3.7), இரண்டு பி பிளஸ், இரண்டு பி. கூட்டினால் 16.3, சராசரி 3.26. இரண்டையும் சேர்த்த ஜிபிஏ 3.09.

வருட முடிவில் மொத்த ஜிபிஏயைப் பார்க்கும் உடன்படிக்கையில் இந்தப் பிள்ளை தப்பிவிட்டது. செமஸ்டருக்கு செமஸ்டர் பார்க்கும் உடன்படிக்கையில் முதல் செமஸ்டரோடு புலமைப்பரிசில் போயிற்று, 2.92ஐ 3.0 என்று யாரும் மடக்கித் தரமாட்டார்கள். திருகோணமலையில் தமிழ் மொழிமூலம் படித்து, முதல் தடவையாக ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைகளுக்கு ஆக ஆபத்தானது முதல் செமஸ்டர்தான். ஆகவே மற்ற நிபந்தனைகளை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கூடவே கைநூலில் மீள எழுதும் விதியைப் பாருங்கள். சித்தியடையாத பாடத்தைத் திரும்ப எழுதினால் எத்தனை புள்ளி எடுத்தாலும் உச்சப் பெறுபேறு சி தான் என்ற விதி பல இடங்களில் உண்டு. அப்படியென்றால் மீள எழுதி ஜிபிஏயைத் தூக்குவது நினைத்த அளவுக்கு நடக்காது. "எந்தப் பாடத்திலும் சித்தியின்மை இருக்கக் கூடாது" என்று தனி நிபந்தனையும் இருக்கலாம். அப்போது ஜிபிஏ 3.5 இருந்தாலும் ஒரு பாடத்தில் தவறினாலே நிபந்தனை மீறியதாகிவிடும்.

5. புதுப்பித்தல் தானாக நடக்காது

"வருடாந்தம் புதுப்பிக்கத்தக்கது" என்றால் வருடா வருடம் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். படிவம், பெறுபேற்றுப் பத்திரம், வரவு அறிக்கை, சில இடங்களில் பெற்றோரின் வருமானச் சான்று. கடைசித் திகதி புதிய கல்வியாண்டு தொடங்குவதற்கு 30 நாள் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை எங்கே வரும் என்றால், அந்தத் திகதிக்குள் கடைசி செமஸ்டரின் பெறுபேறு வெளியாகியிருக்காது. "பெறுபேறு வரட்டும், சேர்த்து அனுப்புவோம்" என்று காத்திருந்தால் திகதி போய்விடும். கையில் உள்ளதை வைத்து நேரத்துக்கு விண்ணப்பத்தைக் கொடுங்கள், "இறுதிப் பெறுபேறு வெளியானதும் சமர்ப்பிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதுங்கள், ஏற்றுக்கொண்டதாகப் பதில் மின்னஞ்சல் வாங்குங்கள்.

வரவு 80 சதவீதம் என்ற நிபந்தனை சுகமானதாகத் தெரியும். டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை ஊரில் கிடந்தால் அது எவ்வளவு இறுக்கமானது என்று தெரியவரும். மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், அரச வைத்தியசாலைச் சான்றிதழ் மட்டும்தானா, சான்றிதழ் கொடுத்தால் அந்த நாட்கள் வரவாகக் கணக்கிடப்படுமா அல்லது "நியாயமான வராமை" என்று மட்டும் எழுதப்படுமா, இவை கைநூலில் இருக்கும். பிள்ளை திருகோணமலை வைத்தியசாலையில் இருந்தால், வீடு திரும்பும்வரை காத்திராமல் அனுமதிக்கப்பட்ட அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

இன்னொன்று, "வேறெந்த நிதியுதவியும் பெறக் கூடாது" என்ற வரி. பழைய மாணவர் சங்கம் மாதாமாதம் அனுப்பும் பணமும், வெளிநாட்டில் இருக்கும் ஊர் அமைப்பு ஒன்று தரும் மடிக்கணினியும் இதற்குள் வருமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒளித்து வைத்தால் "தவறான தகவல் கொடுத்தது" என்ற பிரிவுக்குள் போய்விடும், அதன் விளைவு அநேகமாக மீள அறவிடல்.

6. பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலைமைகள்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். திருப்பிக் கட்டச் சொல்லும் நிலைமைகள் வழக்கமாக இவை: படிப்பைத் தானாக விடுவது, வேறு நிறுவனத்துக்கு மாறுவது, அறிவிக்காமல் நீண்ட நாள் வராமல் இருப்பது, ஒழுக்காற்று நடவடிக்கையில் நீக்கப்படுவது, பொய்த் தகவல், படிப்பு முடிந்து நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்று இருந்தால் அதை மறுப்பது.

நம் பிள்ளைகளுக்கு இதில் முதலாவதுதான் வலை. உயர்தர முடிவு வந்ததும் தனியார் நிறுவனத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளி வருவதோ பல மாதம் கழித்து. அதற்குள் பிள்ளை இங்கே ஒரு செமஸ்டர், சிலவேளை இரண்டு முடித்திருக்கும். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகமோ வந்தாறுமூலையோ யாழ்ப்பாணமோ கிடைத்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தனியார் நிறுவனத்தின் கண்ணில் அது "தானாக விலகல்".

எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒரு சொற்றொடரில் தங்கியிருக்கிறது. நம் உதாரணத்துப் பிள்ளை இரண்டு செமஸ்டர் முடித்து விலகுகிறது என்று வையுங்கள்.

உடன்படிக்கையில் "இதுவரை வழங்கப்பட்ட தொகை" என்று இருந்தால், இரண்டு செமஸ்டருக்கு 135,000 வீதம் 270,000 ரூபா.

"வழங்கப்பட்ட தொகையும், ஒவ்வொரு தவணையும் வழங்கப்பட்ட நாளிலிருந்து வருடத்துக்கு 12 சதவீத வட்டியும்" என்று இருந்தால், முதல் 135,000 ரூபாவுக்கு ஒரு வருட வட்டி 16,200, இரண்டாவதுக்கு ஆறு மாத வட்டி 8,100. எல்லாம் சேர்த்து 294,300 ரூபா. இது தனிவட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டி என்று இருந்தால் கூடும்.

"புலமைப்பரிசிலின் மொத்தப் பெறுமதி" என்று இருந்தால்? மூலையில் எழுதி வைத்த எண்ணைப் பாருங்கள். பிள்ளை படிக்காத ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து 1,080,000 ரூபா என்று அவர்கள் வாதாட இடம் இருக்கிறது. நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளுமா என்பது பிறகு. அந்த வாதத்துக்கு இடம் வைக்கும் தாளில் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

இவற்றோடு நாம் கையால் கட்டிய 90,000 ரூபாவும் திரும்ப வராது என்பதை மறக்க வேண்டாம். அப்புறம் கால அவகாசம்: "கோரிக்கை விடுத்து 30 நாளுக்குள் ஒரே தடவையில்" என்று இருக்கிறதா, தவணையாகக் கட்டலாமா என்று பாருங்கள்.

இங்கே ஒரு சின்ன வேறுபாடு காசு மிச்சம் பிடிக்கும். ஜிபிஏ குறைந்து புலமைப்பரிசில் நின்றுபோனால் பெரும்பாலான உடன்படிக்கைகளில் திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் கழிவு நின்றபின் முழுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் பிள்ளை படிப்பை விட்டால், அது "தானாக விலகல்" ஆகிறதா? பல உடன்படிக்கைகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேள்விப் பட்டியலில் சேருங்கள்.

7. பிணைக்காரர் எதற்குச் சம்மதிக்கிறார்

இரண்டு பிணைக்காரர் கேட்பார்கள், நிரந்தர வருமானம் உள்ளவர்களாக. ஊரில் ஆசிரியராக இருக்கும் சித்தப்பாவையும் வங்கியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணாவையும்தான் நாம் பிடிப்போம். "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்று சொல்லி வாங்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

"கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வரி இருந்தால், 294,300 ரூபா முழுவதையும் சித்தப்பா ஒருவரிடமே கேட்கலாம், பாதி பாதி என்று இல்லை. கொஞ்சம் கீழே "பெனிஃபிசியம்" என்று தொடங்கும் ஒரு லத்தீன் வரி இருக்கக்கூடும். நம் நாட்டுப் பிணை ஆவணங்களில் இது வழக்கமாக வருவது. சட்டப்படி ஒரு பிணைக்காரர் "முதலில் கடன்பட்டவரிடம் கேட்டுப் பார், அவரிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வா" என்றும், "மற்றப் பிணைக்காரரின் பங்கை என் தலையில் போடாதே" என்றும் சொல்லலாம். அந்த இரண்டு உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் அந்த லத்தீன் வரி. பிணை நிற்பவருக்கு இதைத் தமிழில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் சொன்னதும் ஒருவர் பின்வாங்கிவிட்டார். பிறகு மனஸ்தாபம் வருவதைவிட அது நல்லது.

8. ஆவணமும் நேரமும், திருகோணமலையிலிருந்து

ஏற்றுக்கொள்ள வழக்கமாக 14 நாள் போலத் தருவார்கள். பிணைக்காரரின் அடையாள அட்டைப் பிரதி, சம்பள உறுதிக் கடிதம், வதிவிடத்துக்கு கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம், இவ்வளவும் அதற்குள் வர வேண்டும். ஆக நேரம் எடுப்பது சம்பளக் கடிதமும் மேலொப்பமும்தான், முதல் நாளே அவற்றைத் தொடங்குங்கள். பிணைக்காரர் கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்தால் அவருடைய சான்றிதழுக்கு அந்தந்தப் பிரதேச செயலகம்தான், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் அது ஆகாது.

பிணைக்காரர் கொழும்புக்கு நேரில் வர வேண்டும் என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். இங்கேயே ஒரு சமாதான நீதவான் அல்லது சட்டத்தரணி முன் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் மூன்று பேரின் இரவு ரயில் செலவும் இரண்டு நாள் லீவும் மிச்சம். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், வெற்று இடம் எதுவும் நிரப்பாமல் போகக் கூடாது. தொகை எழுதும் கோடு காலியாக இருந்தால் கையெழுத்தே வேண்டாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று திரும்பி வரும்வரை விடாமல் கேளுங்கள்.

உடன்படிக்கையை ஒரு சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுப்பது இந்தச் செலவுகளிலேயே பிரயோசனமானது. கட்டணத்தை முதலே பேசிக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேட்கலாம். உடன்படிக்கையின் பிரதியும் வருமானத்தைக் காட்டும் ஆவணமும் கொண்டு போங்கள்.

9. கையெழுத்துக்கு முன் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

பணம் கட்டும் வரைக்கும்தான் நம் பேச்சுக்கு மதிப்பு. கேள்விகளை ஒரே மின்னஞ்சலில், பிரிவு எண் போட்டு அனுப்புங்கள். இப்படி:

"பிரிவு 4இல் உள்ள 3.0 என்பது ஒவ்வொரு செமஸ்டருக்குமா, மொத்த ஜிபிஏயா? பிரிவு 9இன்படி திருப்பிச் செலுத்த வேண்டியது விலகும் நாள்வரை வழங்கப்பட்ட தொகை மட்டும்தானா? அரச பல்கலைக்கழக அனுமதி கிடைத்து விலகினால் பிரிவு 9 பொருந்துமா?"

எங்கள் அனுபவத்தில் முதல் பதில் மழுப்பலாகத்தான் வந்தது: "கவலை வேண்டாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரிசீலிப்போம்." பிரிவு எண்ணைத் திரும்பச் சொல்லி மறுபடி கேட்ட பிறகுதான் ஒழுங்கான பதில் கிடைத்தது. இரண்டு மாற்றங்களைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு. அது முடியாது என்றால், வழங்கப்பட்ட தொகைக்கு மேல் போகாது, வட்டியில்லாமல் தவணையில் கட்டலாம் என்ற உறுதி. இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ளும் வாய்ப்புக் கூட. ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலோடு விடாமல், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஓர் இணைப்பாக உடன்படிக்கையோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

எதற்கும் அசையவில்லை, வெட்டுப்புள்ளி கிட்டத்தட்ட வரும் என்ற நம்பிக்கையும் பிள்ளைக்கு இருக்கிறது என்றால், அடுத்த சேர்ப்புக்கு அனுமதியை ஒத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். சேராமல் காத்திருக்கும் ஆறு மாதம், சேர்ந்துவிட்டு விலகும் ஆறு மாதத்தைவிட மலிவு.

10. விலகினாலும் முடித்தாலும் ஒரு கடிதம்

விலக முடிவெடுத்தால் அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் எழுதிக் கொடுங்கள். பேசாமல் போகாமல் விட்டால் அந்த செமஸ்டரின் 135,000 ரூபாவும் "வழங்கப்பட்டது" என்ற கணக்கில் ஏறும், அதோடு காரணமும் "அறிவிக்காத வராமை" என்று மாறிவிடும். கேட்கும் தொகைக்கு செமஸ்டர் வாரியாகக் கணக்கு விபரம் கேளுங்கள், நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீதில் உடன்படிக்கை இலக்கம் இருக்க வேண்டும்.

பிள்ளை நல்லபடியாகப் பட்டம் பெற்றாலும் வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. உடன்படிக்கையின் கடமைகள் முடிந்தன, பிணைக்காரர் விடுவிக்கப்பட்டார்கள் என்று நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, பிணை நின்ற இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். அவர்கள் நாளைக்கு வீட்டுக் கடனுக்கு வங்கியில் போய் உட்காரும்போது, வேறெங்காவது பிணை நின்றிருக்கிறீர்களா என்று கேட்டால் காட்ட அந்தத் தாள் வேண்டும்.